கருப்பட்டியை எந்த எழுத்தில் விற்பது?

உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். தேரிக்காட்டுச் செம்மண்ணும் பனைமரமும் தவிரக் கண்ணுக்கு வேறெதுவும் படாத இடம். அங்கே மூன்று தலைமுறையாகக் கருப்பட்டி காய்ச்சுகிற ஒரு குடும்பம், போன வருடம் முதன்முதலாக ஆன்லைனில் விற்கக் கிளம்பியது. காய்ச்சுவது அம்மா. போனில் கடை திறந்து வைத்தது கல்லூரியில் படிக்கும் மகள். பெயரும் படமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நடந்ததைச் சொல்வதில் தடையில்லை.

பொருளைத் தளத்தில் சேர்க்கும்போது படம், எடை, விலை எல்லாம் சரசரவென்று முடிந்துவிட்டன. ‘தலைப்பு’ என்ற கட்டத்தில்தான் விரல் நின்றது. தமிழில் அடிப்பதா, இங்கிலீஷ் எழுத்திலா? அம்மா யோசிக்கவே இல்லை. “ஏட்டி, நம்ம பொருளு, நம்ம பாசையிலயே போடு. வாங்குதவிய நம்ம ஆளுவதான?” என்றார். மகள் அப்படியே போட்டார்.

உடன்குடி பனங்கருப்பட்டி 1 கிலோ

பத்து நாளில் ஒரே ஒரு ஆர்டர் வந்தது. அதுவும் சென்னையில் இருக்கும் சித்தி, வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க்கைத் தொட்டு வாங்கியது.

பதனீர் இறங்குகிற மாதங்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியை மழைக்காலத்துக்குள் விற்றாக வேண்டும். ஈரக்காற்று பட்டால் கசிந்து பிசுபிசுத்துவிடும். வியாபாரியிடம் மொத்தமாகப் போட்டால் கிலோவுக்கு அவர் சொன்னதுதான் விலை. நேரடியாக விற்றால் வீட்டுக்கு நிற்கும் பணம் வேறு. ஆகவே அந்தத் தலைப்புக் கட்டம் அவர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

பதினோராம் நாள் மகள் ஒரு காரியம் செய்தார். தோழியின் போனை வாங்கி, வாங்க வருகிற ஆளைப் போலத் தன் பொருளையே தேடினார். karupatti என்று அடித்ததும் யார் யாருடைய கருப்பட்டியோ வந்து நின்றது. அவர்களுடையது வரவில்லை. பிறகு ‘பனங்கருப்பட்டி’ என்று தமிழில் அடித்தார். அவர்களுடையதுதான் முதலில் வந்தது. அந்தப் பெயரில் அங்கே வேறு யாரும் இல்லை! “ஆளே வராத முடுக்குல மொதக் கடையா நிக்கோம்மா” என்று அம்மாவிடம் சொன்னாராம்.

தமிழ் தெரிந்தவருக்கு karupatti-யும் கருப்பட்டியும் ஒன்றுதான். வாயால் சொன்னால் ஒரே சத்தம். தேடுகிற இயந்திரம் பார்ப்பதோ சத்தத்தை அல்ல, எழுத்துக் குறிகளை. k என்பதற்கு ஒரு எண், ‘க’ என்பதற்கு வேறொரு எண். இரண்டும் ஒரே சொல்தான் என்று யாராவது அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தால்தான் தெரியும். பெரிய தேடுபொறிகள் இதை ஓரளவு கற்றிருக்கின்றன. விற்பனைத் தளங்கள் எல்லாமும் அப்படியில்லை. ஒரு தளத்தில் தமிழில் தேடினால் இங்கிலீஷ் எழுத்துத் தலைப்புகளும் வரும். இன்னொன்றில் ‘பொருள் கிடைக்கவில்லை’ என்று கைவிரிக்கும். எந்தத் தளம் எப்படி என்பதை அறிய, அந்த மகள் செய்ததைத்தான் செய்ய வேண்டும். வேறொரு போனில், தன் கணக்கில் நுழையாமல், இரண்டு எழுத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். சொந்தக் கணக்கில் தேடினால், நாம் அடிக்கடி பார்க்கிற நம் பொருளையே நமக்கு முன்னால் கொண்டுவந்து காட்டி ஏமாற்றக்கூடும்.

அடுத்து மகள் தலைப்பை மாற்றினார். தமிழ் உச்சரிப்பு கெடாமல், ஒற்று விடாமல், மிகவும் கவனமாக.

Udangudi Panangkaruppatti 1 Kg

இதற்கும் பெரிதாகப் பலனில்லை. எழுத்து மாறியது. ஆனால் வாங்குகிறவர்கள் அடிக்கிற சொல் அதுவல்ல.

பள்ளியில் யாரும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதச் சொல்லித் தருவதில்லை. அவரவர் விரல் போன போக்குதான். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒற்றை விழுங்கிவிடுவார்கள். ‘ப்ப’வுக்கு ஒரு p போதும் என்று ஒருவர், இரண்டு வேண்டும் என்று இன்னொருவர். karupatti, karuppatti, karupati, karuppati நான்கும் புழக்கத்தில் உண்டு. கருப்பட்டியாவது பரவாயில்லை. பனங்கற்கண்டை எடுத்துக்கொண்டால் panangkarkandu, panankarkandu, panakarkandu, panangkalkandu, panam kalkandu என்று போய்க்கொண்டே இருக்கும். ‘ற்க’ என்பதை ‘ல்க’ என்று பேசுகிற ஊர்கள் பல இருப்பதால், பேச்சும் சேர்ந்து எழுத்தை இழுக்கிறது. போதாக்குறைக்கு, puli என்று அடித்தால் அது புளியா புலியா என்பது அடித்தவருக்கே வெளிச்சம்.

உச்சரிப்புக்குச் சரியான எழுத்துதான் நல்ல எழுத்து என்று நினைப்பது இயல்பு. 2020-ல் தமிழக அரசே அப்படி முயன்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப இங்கிலீஷில் எழுத ஆணை வந்தது. Coimbatore என்பது Koyampuththoor ஆனது. Tuticorin என்பது Thooththukkudi ஆனது. ஒலிப்புக்கு நெருக்கம்தான். ஆனால் விரலுக்குப் பழக்கமில்லை. கேலியும் குழப்பமும் கிளம்ப, சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசாணைக்கே அந்தக் கதி என்றால், ஒரு கிலோ கருப்பட்டியின் தலைப்பு மக்கள் விரலை மாற்றிவிடுமா என்ன?

எனவே எது சரி என்று கேட்காமல், எதை அடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க அவர்களிடம் ஒரு பொக்கிஷம் ஏற்கெனவே இருந்தது. அம்மாவின் வாட்ஸ்அப். இரண்டு வருடமாக ‘அக்கா, கருப்பட்டி இருக்கா?’ என்று கேட்டு வந்த செய்திகள் அத்தனையும் அழியாமல் கிடந்தன. மகள் ஒவ்வொன்றையும் பார்த்து நோட்டில் கோடு போட்டார். karupatti என்று ஒரே p போட்டவர்கள்தான் பாதிக்கு மேல். அடுத்து இரட்டை p. தமிழ் எழுத்தில் கேட்டவர்களும் இருந்தார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். Panangkaruppatti என்று ஒருவர்கூட எழுதவில்லை. ‘பனங்’ என்பதை யாரும் சொல்வதே இல்லை. கருப்பட்டி என்றாலே அவர்களுக்குப் பனைதான்.

வாட்ஸ்அப்பில் இத்தனை வாடிக்கையாளர் இல்லாதவர்கள் தேடும் கட்டத்திலேயே பார்க்கலாம். karu என்று நான்கு எழுத்து அடித்து நிறுத்தினால், தளம் கீழே சில சொற்களைத் தானாகக் காட்டும். பலர் அடித்ததால் வருபவை அவை. கூகுள் ட்ரெண்ட்ஸ் பக்கத்தில் இரண்டு எழுத்து முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இடத்தைத் தமிழ்நாடு என்று வைத்தும் ஒப்பிடலாம். அது எத்தனை பேர் தேடினார்கள் என்று சொல்லாது. உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டு ஒன்றுக்கு இன்னொன்று எவ்வளவு என்று மட்டும் காட்டும். நம் கேள்விக்கு அது போதும்.

மூன்றாவது தலைப்பு இப்படி அமைந்தது.

Karupatti Palm Jaggery 1 Kg, Udangudi Panai Karuppatti

போனில் பட்டியலாகப் பார்க்கும்போது தலைப்பின் முன்பகுதிதான் தெரியும். மிச்சம் புள்ளி புள்ளியாக மறைந்துவிடும். ஆகவே அதிகம் பேர் அடிக்கும் சொல் முதலில் வந்தது. அடுத்தது Palm Jaggery. இது வெறும் வடநாட்டாருக்காக மட்டுமல்ல. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கு, பாட்டி கொடுத்தது கருப்பட்டி என்று தெரியும், அது பனையிலிருந்து வருவது என்று தெரியாது. முன்பு ஒருவர் Jaggery என்று மட்டும் யாரோ சொல்லக் கேட்டு வாங்கிவிட்டு, ‘வெல்லம் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறது, கெட்டுப்போனதா?’ என்று திருப்பி அனுப்பியிருந்தார். கரும்பு வெல்லத்தை எதிர்பார்த்தவர் அவர். போக வரக் கூரியர் செலவு இவர்கள் தலையில். அந்த Palm என்ற ஒரு சொல் இல்லாததன் விலை அது.

எடை, ஊர், அப்புறம் Panai. கடைசியில் இரட்டை p போட்ட Karuppatti. இரண்டாவது எழுத்து முறை இப்படித் தலைப்புக்குள்ளேயே இயல்பாக வந்து உட்கார்ந்துவிட்டது. இதோடு நிறுத்திக்கொண்டார்கள். karupati, karuppati என்று மிச்சத்தையும் வரிசையாக அடுக்கினால் படிக்கிறவருக்குச் சந்தேகம் வரும், ஏதோ போலிக் கடை மாதிரி. தளங்களும் இதை விரும்புவதில்லை. பெரும்பாலான பொருள்களுக்குத் தலைப்பு 200 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரே சொல் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது என்று அமேசான் 2025-ல் விதி கொண்டுவந்தது.

உடன்குடி என்ற சொல்லை வைத்ததற்கும் காரணம் உண்டு. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரைச் சொல்லித் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு ஊரில் காய்ச்சியதற்கு அந்தப் பெயரைப் போடுவது தப்பு. இவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அப்படியானால் தமிழ் எழுத்து எங்கே போனது? அம்மாவின் கேள்வியும் அதுதான். “அப்போ நம்ம எழுத்து ஒண்ணுக்கும் ஆவாதா?”

ஆகும். தலைப்பில் வேண்டாம் என்றானது அந்தத் தளத்தில் மட்டும்தான். விற்பவருக்கு மட்டும் தெரிகிற, வாங்குபவர் கண்ணில் படாத ‘தேடல் சொற்கள்’ என்றொரு கட்டம் பல தளங்களில் உண்டு. மகள் தமிழ்ச் சொற்களை அங்கே வைத்தார். அங்கே ஒரு கணக்கு இடித்தது. அந்தக் கட்டத்தின் அளவு 200 பைட். ‘கருப்பட்டி’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கோ உகரம், இகரம், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள், ஆக மொத்தம் 10. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். எனவே அந்த ஒரு சொல்லே 30 பைட்டைத் தின்றுவிடும். karuppatti-க்கு 10 பைட்தான். ‘கருப்பட்டி பனை வெல்லம்’ என்று மூன்று சொல் வைத்ததில் 62 பைட் போனது. பாக்கி இடத்தில் விடுபட்ட இங்கிலீஷ் எழுத்து முறைகளை வைத்தார். தமிழில் பத்துச் சொல் கொட்டியிருந்தால் கட்டம் நிரம்பி, அளவை மீறிய பகுதி, சில தளங்களில் கட்டம் முழுவதுமே, கணக்கில் வராமல் போயிருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராமல் போவதுதான் இதில் தொல்லை.

தமிழில் வைக்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம் புணர்ச்சி. இலக்கணப்படி ‘பனங்கருப்பட்டி’ அழகான ஒரே சொல். ஆனால் பல தேடல் முறைகள் சொல்லை இடைவெளி வைத்துத்தான் பிரிக்கின்றன. ‘கருப்பட்டி’ என்று ஒருவர் தேடினால், ‘பனங்கருப்பட்டி’க்குள் அது ஒட்டிக்கொண்டிருப்பது இயந்திரத்துக்குத் தெரியாமல் போகலாம். ‘சுக்குக் கருப்பட்டி’ என்று இடைவெளி விட்டு ஒற்றுப் போட்டாலும் சிக்கல்தான். அங்கே இருப்பது ‘சுக்குக்’. தேடுகிறவர் அடிப்பது ‘சுக்கு’. தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும், தேடல் சொற்களில் ஒற்றை விட்டுவிட்டு, ‘சுக்கு கருப்பட்டி’ என்று பிரித்து வைப்பதே பலன் தருகிறது. விளக்கப் பகுதியில் ‘சுக்குக் கருப்பட்டி’ என்று இலக்கணத்தோடு எழுதிக்கொள்ளலாம். அதைப் படிப்பது மனிதர்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பாக்கெட்டில் ஒட்டும் லேபிளை அச்சடித்துக் கொடுத்த கடைக்காரர், ‘இந்தாம்மா, தமிழ்ல அடிச்சது இருக்கு’ என்று பைலையும் அனுப்பிவைத்தார். அதிலிருந்து நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் `fUg;gl;b` என்று வந்தது. அது பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும் அது கருப்பட்டி, மற்ற இடங்களில் வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. போனில் உள்ள தமிழ் விசைப்பலகையில் அடிப்பது யூனிகோட். அதுதான் எங்கும் தமிழாகவே தெரியும், தேடினாலும் கிடைக்கும். தடித்த, சாய்ந்த அலங்கார இங்கிலீஷ் எழுத்துகளைச் செயலியில் செய்து தலைப்பில் ஒட்டுகிறவர்களுக்கும் இதே கதை. கண்ணுக்கு K மாதிரி இருக்கும், இயந்திரத்துக்கு அது ஏதோ கணிதக் குறி.

அந்த லேபிள் வீணாகவில்லை. பாக்கெட்டின் முன்பக்கத்தில் ‘கருப்பட்டி’ என்று பெரிதாகத் தமிழில் இருக்கிறது. பல தளங்கள் முதல் படத்தின் மேல் தனியாக எழுத்து ஒட்ட விடுவதில்லை. பாக்கெட்டிலேயே அச்சடித்திருந்தால் ஆட்சேபம் இல்லை. பட்டியலில் கட்டைவிரல் ஓடும்போது, இங்கிலீஷ் எழுத்துத் தலைப்புகளுக்கு நடுவில் அந்தத் தமிழ் எழுத்து கண்ணில் பட்டு நிற்கிறது. கண்டுபிடிக்க வைப்பது ஒரு எழுத்து, ‘நம்ம ஊரு சாமான்’ என்று நம்ப வைப்பது இன்னொரு எழுத்து.

அமேசான், பிளிப்கார்ட் இரண்டிலும் 2020 முதல் தமிழிலேயே பார்க்கும் வசதி இருக்கிறதே, அதில் தலைப்பு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். இங்கிலீஷில் கொடுத்த தலைப்பை இயந்திரம் தமிழாக்கிக் காட்டுவதுதான் பொதுவான வழி. அது சில நேரம் மொழிபெயர்க்கும், சில நேரம் ஒலியை மட்டும் எழுதும். இவர்கள் விற்கும் ஒரு தளத்தில் Karupatti என்பது ‘கருபட்டி’ என்று ஒற்றுக் கெட்டு வருகிறது. விற்பவரால் அதைத் திருத்த முடியவில்லை. அதற்கும் லேபிள்தான் கைகொடுக்கிறது.

இவ்வளவும் முகம் தெரியாதவர் தேடி வருகிற தளத்துக்கு. வாட்ஸ்அப் கேட்டலாக் வேறு உலகம். அங்கே வருகிறவர் ஏற்கெனவே எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர். யாரும் தேடுவதில்லை, மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போகிறார்கள். ஆரம்பத்தில் மகள் வேலையை மிச்சப்படுத்த, தளத்தில் போட்ட இங்கிலீஷ் எழுத்துத் தலைப்பையே இங்கேயும் ஒட்டியிருந்தார். மதுரையிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒரு பாட்டி போன் செய்து, “என்னத்தா இது, கருப்பட்டி விக்கிறத விட்டுட்டீகளா? ஏதோ இங்கிலீசுப் பேரா வருது” என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. இப்போது கேட்டலாக்கில் ‘கருப்பட்டி 1 கிலோ’, ‘சுக்கு கருப்பட்டி அரை கிலோ’, ‘பனங்கற்கண்டு கால் கிலோ’ என்று தமிழிலேயே இருக்கின்றன. பார்வை மங்கியவர்கள் போனைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதுண்டு. தமிழ் எழுத்தைத் தமிழ்க் குரல் ஒழுங்காகப் படிக்கும். karuppatti என்பதை இங்கிலீஷ் குரல் படித்தால் அது எந்த ஊர்ப் பண்டம் என்று அந்த ஊர்க்காரருக்கே தெரியாது.

குரலில் தேடுவதும் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறது. போனின் குரல் உள்ளீட்டைத் தமிழில் வைத்திருப்பவர் ‘கருப்பட்டி’ என்று சொன்னால் தமிழ் எழுத்தே விழும். இங்கிலீஷ் எழுத்தை அடித்தால் தமிழாக மாற்றித் தருகிற விசைப்பலகையைப் பழகியவர்களும் தமிழில்தான் தேடுகிறார்கள். ஆகவே தேடல் சொற்களில் வைத்த அந்த 62 பைட் தமிழ் வெறும் அலங்காரமில்லை. மாதம் ஒருமுறை மகள், என்ன சொல்லைத் தேடி வந்து வாங்கினார்கள் என்று தளம் விளம்பரக் கணக்கில் காட்டும் பட்டியலைப் பார்க்கிறார். அதில் தமிழ் எழுத்துச் சொற்கள் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. இன்னும் தலைப்பை மாற்றுகிற அளவுக்கு வரவில்லை.

எதிர்பாராத ஒரு வாடிக்கையாளர் வட்டமும் வந்தது. லண்டனில் வசிக்கும் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பம், சென்னை வந்திருந்தபோது வாங்கிப் போயிருந்தது. அவர்கள் அனுப்பிய செய்தியில் கருப்பட்டி என்ற சொல்லே இல்லை. panankaddi என்று இருந்தது. மகளுக்கு முதலில் புரியவில்லை. யாழ்ப்பாணத்தில் இது பனங்கட்டி. ஓலையில் பின்னிய சின்னக் குட்டானில் ஊற்றி விற்பது அங்கே வழக்கம். தமிழ்நாட்டில் ‘ட்ட’வுக்கு tt போடுகிறோம், அவர்கள் dd போடுவார்கள். வட்டுக்கோட்டை அங்கே Vaddukoddai. பண்டம் ஒன்று, பெயர் வேறு, எழுத்தும் வேறு! வெளிநாட்டுக்கு விற்கும் தளத்தில் இறங்கினால் தலைப்பை மறுபடி யோசிக்க வேண்டும். ஈபேயில் தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். அதில் tt, dd இரண்டையும் வைத்தால் மிச்ச இடம் அதிகமிருக்காது. இப்போதைக்கு panankaddi என்ற சொல் தேடல் சொற்களில் போய் அமர்ந்திருக்கிறது.

தலைப்பை மாற்றிய பிறகு ஆர்டர்கள் எகிறிவிட்டன என்று சொன்னால் அது கதை. முதல் மாதம் மெதுவாகத்தான் நகர்ந்தது. புதுக் கடை என்பதால் விமர்சனங்கள் இல்லை, விலையும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். எழுத்தைச் சரிசெய்தால் பொருள் கண்ணில் படும், அவ்வளவுதான். ஆனால் இந்த முறை வந்த ஆர்டர்களில் சித்தி இல்லை. கோயம்புத்தூர், ஓசூர், பெங்களூரு என்று யாரென்றே தெரியாத ஊர்க்காரர்கள். வியாபாரியிடம் மொத்தமாகப் போட்டது போன வருடத்தைவிடக் குறைவு. கருப்பட்டி கறுப்பாக இருக்கிறதென்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இந்தப் பருவத்தில் பனங்கற்கண்டையும் தளத்தில் ஏற்றப் போகிறார்கள். தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. palm candy என்ற சொல்லை உடன் வைப்பது மட்டும் உறுதி. அதற்கு முன்னால் வர வேண்டிய தமிழ்ப் பெயரை எப்படி எழுதுவது என்பதில்தான் குழப்பம். அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பழைய வாடிக்கையாளர்கள் போன் செய்து பனங்கற்கண்டு கேட்டால், ‘சரிம்மா, மறந்துபோவேன், எதுக்கும் வாட்ஸ்அப்புல ஒருவாட்டி எழுதிப் போட்டுருங்க’ என்கிறார். மகளின் நோட்டில் கோடுகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. நேற்று வரை kalkandu முன்னால் நிற்கிறது.